கிராம் நேர், கேட்டலேஸ் மறை: பற்றீரியா அட்டவணையை எந்த வரிசையில் வாசிப்பது?

"ரிப்போர்ட்டில் கிராம் நெகட்டிவ் என்று போட்டிருக்கிறார்கள். அப்ப பயப்பட ஒன்றுமில்லைதானே?"

கொழும்பில் ஆய்வுகூட வேலை செய்கிற எவரிடமும் கேட்டுப்பாருங்கள், இந்தக் கேள்வியைச் சொந்தக்காரர் யாராவது ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். டெங்கு பரிசோதனை நெகட்டிவ் என்றால் நிம்மதி, பொசிட்டிவ் என்றால் கவலை என்று பழகிவிட்டோம். ஆனால் கிராம் நெகட்டிவ் என்றால் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை. கிருமி இருக்கிறது, பார்த்தும் விட்டார்கள், அது ஒரு குறிப்பிட்ட சாயத்தைத் தன்னிடம் பிடித்து வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். கிராம் பொசிட்டிவ் என்றால் அந்தச் சாயத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. இதற்கும் நோயின் கடுமைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

குழப்பம் நோயாளிகளோடு நிற்பதில்லை. ஆய்வுகூடத் தொழில்நுட்பமான எம்.எல்.டி. படிப்பவர்கள், தாதியர் பயிற்சியில் இருப்பவர்கள், மருத்துவ பீட மாணவர்கள் எல்லோரிடமும் ஓர் அட்டவணையின் போட்டோகொப்பி இருக்கும். இடது ஓரத்தில் பற்றீரியாவின் பெயர், பிறகு வடிவம், சாயம், உண்டாக்கும் நோய், அடையாளம் காணும் சோதனைகள். அதைக் கிடைவரிசையாக மனப்பாடம் செய்கிறார்கள். 'ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ், கோளம், கொத்து, நேர், கேட்டலேஸ் நேர், கோஅகுலேஸ் நேர், கட்டி' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். பரீட்சைக்கு அது உதவும். ஆய்வுகூட மேசையில் உதவாது. அங்கே தட்டில் வளர்ந்திருப்பது பெயரோடு வருவதில்லை. பெயர்தான் கடைசியில் வரவேண்டியது.

ஆகவே இந்தக் கட்டுரை எல்லாப் பற்றீரியாவையும் பற்றியதல்ல. அப்படி எழுதினால் இன்னொரு போட்டோகொப்பிதான் மிஞ்சும். அட்டவணையின் ஒரு மூலையை, கிராம் நேர் கோளங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நிரலும் எதற்காக அந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்போம்.

## வெள்ளவத்தையில் 14ஆம் இலக்க வீடு

வெள்ளவத்தையில் ஒருவரின் வீட்டைத் தேடுகிறீர்கள். கையில் இருக்கும் ஒரே தகவல் "இலக்கம் 14". இதை வைத்து என்ன செய்ய முடியும்? அங்குள்ள ஒழுங்கைகள் எத்தனையிலோ ஒரு 14 இருக்கும். ஆகவே முதலில் காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கமா, மறுபக்கமா என்று கேட்கிறோம். பிறகு எந்த ஒழுங்கை. அதற்குப் பிறகுதான் 14 என்ற எண் ஒரே ஒரு கதவைக் காட்டும்.

அட்டவணையின் கடைசி நிரல்களில் இருக்கும் சோதனைகள் எல்லாம் இந்த வீட்டு இலக்கம் மாதிரித்தான். "பசிட்ராசின் சென்சிட்டிவ்", அதாவது பசிட்ராசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இதன் வளர்ச்சியை நிறுத்துகிறது என்ற விடை, தனியாக எந்தப் பெயரையும் தராது. அது கிராம் நேர் கோளம், கேட்டலேஸ் மறை, குருதி கலந்த வளர்ப்புத் தட்டான குருதி ஏகாரில் தெளிவான வளையம் என்ற மூன்று கேள்விகளையும் தாண்டி வந்தால்தான் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பயோஜீன்ஸை நோக்கிக் கைகாட்டும். அந்த மூன்றையும் கேட்காமல் பசிட்ராசின் ஊறிய காகித வட்டைத் தட்டில் வைத்தவர் எங்கே போய் நிற்பார் என்பதைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம்.

## முதல் கேள்வி: வடிவமும் சாயமும்

1884இல் டென்மார்க் வைத்தியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் பெர்லினில் வேலை செய்துகொண்டிருந்தார். நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரல் இழையத்துக்குள் இருக்கும் பற்றீரியாவைத் தனியாகத் தெரியவைப்பதுதான் அவருடைய தேவை. பற்றீரியாவை இரண்டு கூட்டமாகப் பிரிக்க வேண்டும் என்று அவர் புறப்படவில்லை. தன் முறையில் சில பற்றீரியாக்கள் சாயத்தை இழந்துவிடுகின்றன என்பது அவருக்குக் குறையாகத்தான் பட்டது. அந்தக் குறைதான் இன்று அட்டவணையின் முதல் பிரிப்பு.

செய்முறை இதுதான். ஒரு கண்ணாடி வழுக்கியில் மாதிரியை மெல்லியதாகப் பூசி, உலரவிட்டு, சூடுகாட்டி நிலைப்படுத்துகிறோம். அதன்மேல் கிறிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயத்தை ஏறத்தாழ ஒரு நிமிடம் விடுகிறோம். கழுவிவிட்டு அயடீன் கரைசல், இன்னொரு நிமிடம். இந்தக் கட்டத்தில் வழுக்கியில் இருக்கும் எல்லாமே ஊதாதான். அப்புறம் அல்ககோல் அல்லது அசற்றோன் சில விநாடிகள். கடைசியாக சஃப்ரனின் போன்ற ஒரு சிவப்புச் சாயம்.

அயடீன் உள்ளே போய் ஊதாச் சாயத்தோடு சேர்ந்து பெரிய கூட்டுத் துணிக்கைகளை உண்டாக்குகிறது. கிராம் நேர் பற்றீரியாவின் கலச்சுவரில் பெப்டிடோகிளைக்கன் என்ற பொருள் தடிப்பாக இருக்கிறது. இது சர்க்கரைச் சங்கிலிகளைக் குறுகிய புரதத் துண்டுகள் குறுக்கே கட்டிவைத்த ஒரு வலை. அல்ககோல் அந்த வலையின் நீரை இழுத்துவிட, வலை சுருங்கி, கண்கள் அடைபட்டு, சாயத் துணிக்கைகள் உள்ளே மாட்டிக்கொள்கின்றன. கிராம் மறைப் பற்றீரியாவில் இந்த வலை மிக மெல்லியது, அதற்கு வெளியே கொழுப்பாலான இன்னொரு மென்சவ்வு உண்டு. அல்ககோல் அந்த மென்சவ்வைக் குலைத்துவிட, சாயம் வெளியே ஓடிவிடுகிறது. நிறமிழந்த அந்தக் கலங்கள்தான் கடைசியில் வரும் சிவப்பை எடுத்துக்கொள்கின்றன. கிராம் நேர் என்றால் ஊதா, கிராம் மறை என்றால் இளஞ்சிவப்பு.

எல்லாத் தவறும் அந்த அல்ககோல் விநாடிகளில்தான் நடக்கும். கூடுதலாக விட்டால் கிராம் நேரும் நிறமிழந்து சிவப்பாகத் தெரியும். குறைத்தால், அல்லது பூச்சு தடித்திருந்தால், கிராம் மறையும் ஊதாவாகவே நிற்கும். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? சீழ் மாதிரியாக இருந்தால் சீழ்க்கலங்களைப் பாருங்கள். அவை மனிதனின் வெண்கலங்கள். அவற்றின் கருக்கள் இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். அவையே ஊதாவாக இருந்தால் அல்ககோல் போதவில்லை, அந்த வழுக்கியை நம்பவேண்டாம். இதைவிடச் சுலபமான சரிபார்ப்பு கிடையாது, ஆனாலும் செய்பவர்கள் குறைவு. இன்னொன்று, பழைய வளர்ப்பில் இருந்து எடுத்த கிராம் நேர் கலங்களின் சுவர் சிதைந்து, பாதி ஊதா பாதி சிவப்பாகத் தெரியலாம். 18 முதல் 24 மணித்தியால வளர்ப்பைக் கேட்பது அதனால்தான்.

வடிவத்தையும் இதே வழுக்கியில்தான் பார்க்கிறோம். உருண்டையாக இருந்தால் கோளம், நீண்டிருந்தால் கோல். கோளங்கள் கொத்தாகக் கிடக்கின்றனவா, சங்கிலியாகவா, இரண்டிரண்டாகவா என்பது அடுத்தது. இந்தக் கடைசி விடயத்தை அளவுக்குமேல் நம்பவேண்டாம். திடமான ஏகாரில் இருந்து எடுத்துப் பூசும்போது சங்கிலிகள் உடைந்து, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கொத்து மாதிரித் தெரியும். மாதிரியில் இருந்து நேரடியாகவோ திரவ வளர்ப்பில் இருந்தோ எடுத்துப் பார்க்கும்போதுதான் ஒழுங்கமைப்பு ஓரளவு உண்மை பேசும்.

இதுவரை பார்த்ததில் கையில் இருக்கவேண்டியது இவ்வளவுதான்: சாயம் சொல்வது கலச்சுவரின் தடிப்பை. வடிவத்தோடு சேர்த்தால் எந்தக் கூட்டத்தில் தேடுவது என்று தெரியும். பெயர் இன்னும் தெரியாது.

## நாம் பார்க்கப்போகும் மூலை

| பெயர் | ஒழுங்கமைப்பு | கேட்டலேஸ் | குருதி ஏகாரில் | பிரித்துக்காட்டும் சோதனை | அடிக்கடி காணும் நோய் |
|---|---|---|---|---|---|
| ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் | கொத்து | நேர் | பெரும்பாலும் தெளிவான வளையம் | கோஅகுலேஸ் நேர் | கட்டி, காயத்தொற்று, குருதித்தொற்று |
| ஸ்டபிலோகொக்கஸ் எபிடெர்மிடிஸ் | கொத்து | நேர் | பெரும்பாலும் வளையமில்லை | கோஅகுலேஸ் மறை, நோவோபயோசின் சென்சிட்டிவ் | உடலுக்குள் வைத்த குழாய், செயற்கை வால்வுத் தொற்று |
| ஸ்டபிலோகொக்கஸ் சப்ரொஃபிட்டிகஸ் | கொத்து | நேர் | பெரும்பாலும் வளையமில்லை | கோஅகுலேஸ் மறை, நோவோபயோசின் ரெசிஸ்டன்ட் | இளம் பெண்களில் சிறுநீர்த்தொற்று |
| ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பயோஜீன்ஸ் | சங்கிலி | மறை | தெளிவான வளையம் | பசிட்ராசின் சென்சிட்டிவ் | தொண்டை அழற்சி, தோல்தொற்று |
| ஸ்ட்ரெப்டோகொக்கஸ் அகலக்ஷியே | சங்கிலி | மறை | ஒடுக்கமான தெளிவான வளையம் | பசிட்ராசின் ரெசிஸ்டன்ட் | பிறந்த குழந்தைகளில் குருதித்தொற்று, மூளையுறை அழற்சி |
| ஸ்ட்ரெப்டோகொக்கஸ் நியூமோனியே | இரண்டிரண்டாக | மறை | பச்சை வளையம் | ஒப்டோச்சின் சென்சிட்டிவ் | நிமோனியா, மூளையுறை அழற்சி |

இதை மேலிருந்து கீழாகப் பாருங்கள். கேட்டலேஸ் நிரலில் முதல் மூன்றும் நேர், அடுத்த மூன்றும் மறை. அட்டவணை அந்த இடத்தில் இரண்டாக வெட்டுப்படுகிறது. வெட்டின் மேலே இருப்பவற்றுக்குத்தான் கோஅகுலேஸ் கேள்வி. கீழே இருப்பவற்றிடம் குருதி ஏகாரில் என்ன வளையம் என்று கேட்கிறோம். பசிட்ராசினும் ஒப்டோச்சினும் கீழ்ப்பாதிக்கு மட்டும் உரியவை. இதைவிடப் பெரிய அட்டவணை ஒன்றில் ஒரு பெட்டி வெறுமையாக இருந்தால் யாரோ எழுத மறந்தார்கள் என்று நினைக்கத் தேவையில்லை. அந்தக் கேள்வி அங்கே கேட்கப்படுவதில்லை.

## ஒரு கட்டியின் சீழ், மூன்று நாள்

ஓட்டோ ஓட்டுகிற ஒருவருக்கு முதுகில் கட்டி என்று வைத்துக்கொள்வோம். வைத்தியர் அதைக் கீறி, சீழை ஊசியால் உறிஞ்சி ஒரு போத்தலில் அனுப்புகிறார். பஞ்சுக்குச்சியால் மேலாகத் துடைத்து அனுப்புவதைவிட இது நல்லது, ஏனென்றால் தோலில் இயல்பாக வாழும் பற்றீரியா கலப்பது குறையும்.

மாதிரி வந்த அன்றே ஒரு கிராம் சாயம். எங்கும் இளஞ்சிவப்புச் சீழ்க்கலங்கள், அவற்றின் இடையிலும் உள்ளும் ஊதாக் கோளங்கள் கொத்தாக. சீழ்க்கலம் நிறைய இருப்பது முக்கியம்: உடல் எதிர்த்துப் போராடியிருக்கிறது, இது வெறுமனே தோலில் இருந்து ஒட்டிவந்தது அல்ல. "கிராம் நேர் கோளங்கள், கொத்தாக" என்று அன்றே தொலைபேசியில் சொல்லலாம். வைத்தியர் மருந்தைத் தொடங்க அது போதும். மீதி மாதிரியைக் குருதி ஏகாரில் பூசி 37 பாகை செல்சியஸில் வைக்கிறார்கள். குருதி ஏகார் என்பது பற்றீரியாவுக்கான உணவுக்கூழில் சுமார் 5 வீதம் செம்மறியாட்டுக் குருதி கலந்து உறையவைத்த தட்டு.

மறுநாள் காலை தட்டில் 2, 3 மில்லிமீற்றர் அகலத்தில் வழவழப்பான, மங்கிய மஞ்சள் புள்ளிகள். ஒவ்வொன்றையும் கொலனி என்பார்கள். ஒரே கலத்தில் இருந்து பெருகிய கூட்டம். புள்ளியைச் சுற்றிச் சிவப்பு மறைந்து தட்டு தெளிவாகத் தெரிகிறது. பற்றீரியா செங்குருதிக் கலங்களை முழுதாக உடைத்துவிட்டது.

இப்போது கேட்டலேஸ். சுத்தமான வழுக்கியில் கொலனியின் உச்சியில் இருந்து சிறிது எடுத்து வைத்து, அதன்மேல் 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டு ஒரு துளி. உடனே நுரைத்தால் நேர். ஸ்டபிலோகொக்கஸ் ஒட்சிசனைப் பயன்படுத்தி வாழக்கூடியது. அந்த வாழ்க்கையில் பேரொட்சைட்டு என்ற நச்சு உண்டாகும். அதை உடைக்கும் நொதியம்தான் கேட்டலேஸ்:

2H2O2 → 2H2O + O2

நுரையாக மேலே வருவது அந்த ஒட்சிசன். ஸ்ட்ரெப்டோகொக்கஸிடம் இந்த நொதியம் இல்லை, ஆகவே துளி அப்படியே அசையாமல் கிடக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. செங்குருதிக் கலங்களிலும் கேட்டலேஸ் உண்டு. கொலனியை எடுக்கும்போது குச்சி ஏகாருக்குள் இறங்கி ஒரு துணுக்குக் குருதியையும் கிள்ளி வந்தால், ஸ்ட்ரெப்டோகொக்கஸும் நுரைக்கும். அதேபோல் நிக்குரோம் கம்பி வளையமே பேரொட்சைட்டை நுரைக்கவைக்கலாம். மரக்குச்சியோ பிளாஸ்டிக் வளையமோ பாவிக்கச் சொல்வது அதற்குத்தான். பலவீனமாக, தாமதமாக, ஒன்றிரண்டு குமிழி வந்தால் நேர் என்று எழுதிவிடாமல், குருதியில்லாத ஊடகத்தில் வளர்த்துத் திரும்பச் செய்யவேண்டும். இந்த ஒரு கேள்வி பிழைத்தால் அட்டவணையின் மறுபாதிக்குப் போய்விடுவோம். அதன்பின் செய்யும் சோதனை ஒவ்வொன்றும் சரியாகச் செய்யப்பட்ட பிழையாக இருக்கும்.

நம்முடைய கொலனி பலமாக நுரைத்தது. ஆகவே மேல்பாதி. அடுத்த கேள்வி கோஅகுலேஸ், அதாவது குருதித் திரவத்தை உறையவைக்கும் புரதம் இருக்கிறதா என்பது. இதற்கு இரண்டு வழி. வழுக்கியில் செய்தால் ஒரு துளி உப்புநீரில் கொலனியைக் கரைத்து, பிளாஸ்மா சேர்த்து, 10 விநாடிக்குள் திரள்கிறதா என்று பார்க்கலாம். பக்கத்தில் பிளாஸ்மா சேர்க்காத இன்னொரு துளியும் வேண்டும். சில வகைகள் வெறும் உப்புநீரிலேயே திரளும், அப்படியானால் அந்தச் சோதனை செல்லாது. வழுக்கிச் சோதனை விரைவானதே தவிர, ஓரியஸ் எல்லாவற்றையும் அது பிடிக்காது. மறை என்று வந்தால் குழாய்ச் சோதனைக்குப் போகவேண்டும்.

குழாயில் நீர்த்த முயல் பிளாஸ்மா 0.5 மில்லிலீற்றர் எடுத்து, பற்றீரியாவைக் கலந்து 37 பாகையில் வைத்து, 4 மணித்தியாலம் வரை இடையிடையே மெல்லச் சரித்துப் பார்க்கிறார்கள். குலுக்கக்கூடாது, இளம் உறைவு உடைந்துவிடும். பலர் செய்யும் பிழை, மாலையில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் மட்டும் பார்ப்பது. சில ஓரியஸ் வகைகள் ஸ்டபிலோகைனேஸ் என்ற இன்னொரு பொருளையும் சுரக்கும். அது இரவோடிரவாக உறைவைக் கரைத்துவிடும். காலையில் பார்ப்பவருக்குத் திரவம்தான் தெரியும், "மறை" என்று எழுதிவிடுவார். ஆகவே 4 மணித்தியாலப் பார்வையைத் தவறவிடக்கூடாது. அப்போதும் உறையாவிட்டால் மட்டும் இரவு முழுதும் வைத்து மறுபடி பார்ப்பது.

நம்முடைய குழாயில் மூன்றாம் மணித்தியாலத்தில் பிளாஸ்மா சரித்தாலும் ஓடாமல் நின்றது. கோஅகுலேஸ் நேர், ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ். இப்போதுதான் பெயர்.

அதே நாளில் நுண்ணுயிர்க்கொல்லி வட்டுகளையும் வைத்துவிடுவார்கள். அதில் ஒன்று 30 மைக்ரோகிராம் செஃபொக்சிட்டின். மூன்றாம் நாள் அதைச் சுற்றி பற்றீரியா வளராத வட்டத்தின் விட்டம் 21 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், மெதிசிலின் வகை மருந்துகளை எதிர்க்கும் ஓரியஸ் என்று எடுக்கப்படும். எம்.ஆர்.எஸ்.ஏ. என்று வைத்தியசாலையில் பேசுவது இதைத்தான். "ஒரு ரிப்போர்ட்டுக்கு ஏன் மூன்று நாள்?" என்று கௌண்டரில் கோபப்படுபவர்களுக்குப் பதிலும் இதுவே. ஒரு நாள் கொலனி வளர, ஒரு நாள் மருந்துக்கு எதிரே மறுபடி வளர. பற்றீரியாவை அவசரப்படுத்த முடியாது.

மீண்டும் ஒருமுறை: ஊதாக் கோளம் என்பதால் கேட்டலேஸ் கேட்டோம், நுரைத்ததால் கோஅகுலேஸ் கேட்டோம். நுரைக்காமல் இருந்திருந்தால் பிளாஸ்மாவை வெளியே எடுத்திருக்கவே மாட்டோம்.

## கீழ்ப்பாதி: வளையங்களும் வட்டுகளும்

நுரைக்காத கொலனிக்கு வருவோம். அங்கே முதல் கேள்வி குருதி ஏகாரின் வளையம். சுற்றிவரத் தெளிந்தால் பீட்டா, பச்சையாக மங்கினால் அல்பா, மாற்றமே இல்லாவிட்டால் காமா. தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கவேண்டும். மேசையில் வைத்தபடி பார்த்தால் அல்பாவையும் பீட்டாவையும் மாற்றிச் சொல்ல வாய்ப்புண்டு.

பீட்டா என்றால் பசிட்ராசின். 0.04 அலகு கொண்ட சிறு வட்டைச் சுற்றி வளர்ச்சி நின்றுவிட்டால் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பயோஜீன்ஸாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். இனி, முன்பு சொன்ன ஆளிடம் வருவோம். தொண்டையில் இருந்து எடுத்த மாதிரியில் ஒரு கொலனியைத் தேர்ந்து, கேட்டலேஸும் பார்க்காமல், வளையத்தையும் கவனிக்காமல் நேராகப் பசிட்ராசின் வைக்கிறார். அழகான வளையம். "பயோஜீன்ஸ்" என்று எழுதிவிடுகிறார். ஆனால் காற்றிலும் தோலிலும் சாதாரணமாக இருக்கும் மைக்ரோகொக்கஸ் என்ற கிராம் நேர் கோளமும் இதே வட்டுக்கு சென்சிட்டிவ். அது கேட்டலேஸ் நேர், பீட்டா வளையமும் தராது. அந்த இரண்டு கேள்வியில் ஏதாவது ஒன்றைக் கேட்டிருந்தாலே விழுந்திருக்கும். வட்டு பிழை சொல்லவில்லை. அதனிடம் கேட்கக்கூடாத இடத்தில் கேட்டார்கள்.

சரியான பாதையில் வந்தாலும் பசிட்ராசின் முற்றுப்புள்ளி அல்ல. வேறு பீட்டா ஸ்ட்ரெப்டோகொக்கஸ்களில் சிலவும் அதற்கு சென்சிட்டிவ். அதனால் வசதியுள்ள ஆய்வுகூடங்கள் லான்ஸ்ஃபீல்ட் கூட்டத்தையும் பார்க்கின்றன. 1933இல் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட், இந்தப் பற்றீரியாக்களின் சுவரில் உள்ள காபோவைதரேற்றை வைத்து ஏ, பி என்று எழுத்துகளாகப் பிரித்தார். பயோஜீன்ஸ் ஏ கூட்டம், அகலக்ஷியே பி கூட்டம். "குரூப் பி ஸ்ட்ரெப்" என்று கர்ப்பிணிகளிடம் சொல்லப்படுவது இந்த பி.

பச்சை வளையம் என்றால் ஒப்டோச்சின். 6 மில்லிமீற்றர் வட்டைச் சுற்றி 14 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ வளையம் வந்தால் நியூமோனியே என்று எடுக்கலாம். அதற்குக் குறைந்த ஒரு வளையம் வந்தால் முடிவெடுக்காமல், பித்த உப்பில் கரைகிறதா என்று பார்க்கவேண்டும். நியூமோனியே கரைந்துவிடும், வாயில் இயல்பாக வாழும் மற்றப் பச்சை ஸ்ட்ரெப்டோகொக்கஸ்கள் கரையாது. இந்த 14 என்ற எண் காபனீரொட்சைட்டு 5 வீதம் உள்ள சூழலில் வளர்த்ததற்கு மட்டும் பொருந்தும். சாதாரணக் காற்றில் வளர்த்தால் வளையம் பெருத்து, வாய்ப் பற்றீரியாவும் நியூமோனியே ஆகிவிடும்.

## நோய் நிரலை ஏன் கடைசியில் வாசிக்கவேண்டும்

படிப்பவர்களுக்கு மிகவும் பிடித்த நிரல் இதுதான், நினைவில் நிற்கும். அடையாளம் காண்பதற்கு மிகக் குறைவாக உதவுவதும் இதுதான். கட்டி என்றால் ஓரியஸ் என்று தொடங்கலாம், தப்பில்லை. ஆனால் ஓரியஸ் என்றால் நோய் என்று திருப்பி வாசிக்க முடியாது. நல்ல சுகமாக இருப்பவர்களில் நால்வரில் ஒருவர், சில இடங்களில் மூவரில் ஒருவர், மூக்குக்குள் ஓரியஸைச் சுமந்துகொண்டுதான் திரிகிறார்கள். மூக்கில் இருந்து எடுத்த மாதிரியில் அது வளர்ந்ததற்காக யாருக்கும் மருந்து எழுதத் தேவையில்லை.

எபிடெர்மிடிஸ் இதைவிடச் சிக்கல். அது எல்லோருடைய தோலிலும் இருக்கிறது. காய்ச்சலோடு வந்தவரின் குருதியை இரண்டு வெவ்வேறு இடத்தில் குத்தி எடுத்து வளர்க்கிறார்கள். ஒன்றில் மட்டும், அதுவும் தாமதமாக எபிடெர்மிடிஸ் வளர்ந்தால், ஊசி போகும்போது தோலில் இருந்து ஒட்டிக்கொண்டது என்றுதான் முதலில் சந்தேகிப்பார்கள். இரண்டிலும் விரைவாக வளர்ந்து, ஆளுக்கு இதயத்தில் செயற்கை வால்வும் இருந்தால் அதே பெயர் மிகப் பாரதூரமான செய்தி. தட்டில் இருப்பது ஒன்றேதான். வித்தியாசம் அட்டவணைக்கு வெளியே, நோயாளியிடம் இருக்கிறது. வேண்டுகோள் படிவத்தில் "காய்ச்சல்" என்று ஒரே சொல்லோடு மாதிரி அனுப்புகிறவர்கள்மேல் ஆய்வுகூடத்தாருக்கு வருகிற எரிச்சலுக்கு இதுதான் காரணம்.

## அட்டவணையில் பெயரில்லாதவை

அட்டவணை, தன்னிடம் இருக்கும் பெயர்களுக்குள் மட்டும்தான் பதில் தேடும். இலங்கையில் இது வெறும் தத்துவப் பிரச்சினை இல்லை.

எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா சுருளி வடிவானது, தடிப்பு ஏறத்தாழ 0.1 மைக்ரோமீற்றர். கிராம் சாயமிட்டு சாதாரண நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கண்ணுக்கே படாது. வயலில் நின்ற ஒருவரின் குருதியில் "கிராம் சாயத்தில் பற்றீரியா காணப்படவில்லை" என்ற வசனம் எலிக்காய்ச்சலைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. அதற்குக் குருதியில் உண்டாகும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் வேறு வழி வேண்டும். பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு மாதிரி போவது அதற்காக.

மெலியோய்டோசிஸ் இன்னும் தந்திரமானது, ஏனென்றால் அதன் பற்றீரியா தட்டில் வளரும், அட்டவணைக்குள்ளும் நுழையும், ஆனால் பிழையான கதவில் போய் நிற்கும். மண்ணிலும் வயல்நீரிலும் வாழும் பேர்க்கோல்டேரியா சூடோமாலை இதற்குக் காரணம். இலங்கையில் 1927இலேயே பதிவான நோய் இது. கிராம் மறைக் கோல், இரண்டு முனையும் சிவந்து நடு வெளிறி இருக்கும். ஒட்சிடேஸ் என்ற நொதியச் சோதனை நேர். சிறிய அட்டவணை ஒன்றில் "கிராம் மறைக் கோல், ஒட்சிடேஸ் நேர்" என்று தேடினால் கைக்கு வருவது சூடோமோனஸ் என்ற வேறொரு பற்றீரியா. அந்தப் பெயரை எழுதி அனுப்பிவிடலாம், அல்லது இன்னும் மோசமாக, எங்கிருந்தோ கலந்த அழுக்கு என்று தட்டையே எறிந்துவிடலாம். முதல் நாளில் கொலனி மிகச் சிறியதாக இருப்பதும் இதற்கு வசதியாகிவிடுகிறது. உலர்ந்து சுருக்கம் விழுந்த தோற்றம் பெரும்பாலும் சில நாள் கழித்துத்தான் வரும்.

அதைப் பிடிப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் முதலில் வேண்டாம். மூன்று வட்டு போதும்: ஜென்டமைசின், கொலிஸ்டின், கோ-அமொக்சிக்லாவ். சாதாரண சூடோமோனஸ் பொதுவாக முதல் இரண்டுக்கும் சென்சிட்டிவ், மூன்றாவதற்கு ரெசிஸ்டன்ட். சூடோமாலை பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். நீரிழிவுள்ள ஒருவரின் குருதியிலோ ஈரல் கட்டியின் சீழிலோ ஒட்சிடேஸ் நேரான கிராம் மறைக் கோல் வளர்ந்து, ஜென்டமைசினும் கொலிஸ்டினும் வேலை செய்யாமல் கோ-அமொக்சிக்லாவைச் சுற்றி மட்டும் வளையம் தெரிந்தால், அதற்குமேல் அந்தத் தட்டைத் திறந்த மேசையில் வைத்து வேலை செய்யக்கூடாது. மூடியைத் திறந்து மணந்து பார்க்கும் பழைய பழக்கமும் வேண்டாம், சுவாசத்தால் தொற்றக்கூடியது. தட்டை மூடி ஒட்டி, பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் வைத்து, வைத்தியருக்குச் சந்தேகத்தை உடனே சொல்லிவிட்டு, உறுதிப்படுத்தும் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். பெயர் உறுதியாகும்வரை காத்திராமல், வைத்தியர் அன்றைக்கே மருந்தை மாற்றுவார், ஏனென்றால் வழமையாகத் தொடங்கும் செஃப்ட்ரையக்சோன் இதற்குப் போதாது.